ஆண்டுக்கு 50% தள்ளுபடி: வென்ச்சர் கேபிட்டல் முறையில் உங்கள் கம்பெனியின் விலை எப்படி வருகிறது

"எங்கள் ஸ்டார்ட்அப்புக்கு 10 கோடி கேட்டோம். ஐந்து வருடத்தில் கம்பெனி 300 கோடிக்குப் போகும் என்ற எங்கள் கணிப்பை முதலீட்டாளரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஆண்டுக்கு 50% வீதம் தள்ளுபடி செய்து, இன்றைய விலை 18 கோடிதான் என்கிறார். நாங்கள் எதிர்பார்த்தது 60 கோடி. வருடா வருடம் 50% வருமானம் யாருக்குக் கிடைக்கிறது? இந்தக் கணக்கில் எது நியாயம், எதை எதிர்த்துப் பேசலாம்?"

அந்த 50% அவர் சம்பாதிக்கப் போகும் வருமானம் இல்லை, அவரும் அப்படி நினைக்கவில்லை. நீங்கள் கொடுத்த 300 கோடி, எல்லாம் சரியாக நடந்தால் வரும் தொகை. நடக்காமல் போகும் வாய்ப்பை அந்தத் தொகையில் கழிக்காமல் வட்டியில் ஏற்றியிருக்கிறார். அதனால் 50% அதிகமா குறைவா என்று வாதாடினால் பேச்சு நகராது. அந்த 50-க்குள் என்னென்ன சேர்ந்திருக்கிறது, அதில் ஏதாவது வேறு இடத்திலும் இன்னொரு முறை பிடிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை. 18 கோடி சரியான விலையாகவும் இருக்கலாம். முதலில் அது எப்படி வந்தது என்று பிரித்துப் பார்ப்போம்.

இந்த முறையை ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் வில்லியம் சால்மன் 1987-இல் ஒரு பாடக்குறிப்பாக எழுதி வைத்தார். முதலீட்டாளர்கள் ஏற்கெனவே கையில் போட்டுக்கொண்டிருந்த கணக்கைத்தான் அவர் ஒழுங்குபடுத்தினார். கணக்கு பின்னாலிருந்து முன்னால் வரும். கம்பெனி விற்கப்படும் நாளில், அல்லது பங்குச் சந்தைக்குப் போகும் நாளில், அதாவது எக்ஸிட் நாளில், அதன் விலை என்ன? அதில் என் பங்கு எவ்வளவு இருந்தால் நான் கேட்கும் பெருக்கம் கிடைக்கும்? அந்தப் பங்கு அன்று கையில் இருக்க, இன்று எவ்வளவு வாங்க வேண்டும்? இடைப்பட்ட வருடங்களின் பணவரத்து கணக்கிலேயே வராது. அந்த வருடங்களில் வரத்து பெரும்பாலும் நஷ்டம்தான் என்பதால் அதை விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் 300 கோடி ஐந்தாம் வருட விற்பனை 100 கோடி, நிகர லாபம் அதில் 15%, அதாவது 15 கோடி, லாபத்தைப் போல் 20 மடங்கு விலை என்ற வழியில் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கு 50% வீதம் ஐந்து வருடம் கூட்டுவட்டி போட்டால் ஒரு ரூபாய் 7.59 ரூபாயாகும். ஆக 10 கோடி போட்டவருக்கு ஐந்தாம் வருடம் 75.9 கோடி வேண்டும். 300-இல் 75.9 என்பது 25.3%. எக்ஸிட் நாளில் அவர் கையில் இருக்க வேண்டிய பங்கு அது.

அதே கணக்கை முன்னாலிருந்தும் சொல்லலாம். 300-ஐ 7.59-ஆல் வகுத்தால் 39.5 கோடி. பணம் உள்ளே வந்த பிறகான விலை, அதாவது போஸ்ட்-மணி, இதுதான். 10-ஐக் கழித்தால் பணம் வருவதற்கு முந்தைய விலை, அதாவது ப்ரீ-மணி, 29.5 கோடி. பல பாடக்குறிப்புகள் இங்கேயே நின்றுவிடும். உங்களிடம் சொல்லப்பட்டது 18 கோடி. மீதி 11 கோடி எங்கே போனது?

டைல்யூஷனில் போனது, அதாவது பின்னால் புதுப் பங்குகள் கொடுக்கும்போது பழைய பங்குதாரர்களின் சதவீதம் சுருங்குவதில். ஐந்து வருடத்துக்கு இந்த 10 கோடி போதாது என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டாம் வருட முடிவில் இன்னொருவர் 20 கோடி போடுவார் என்று வைப்போம். அதற்குள் பொருள் விற்கத் தொடங்கியிருக்கும், ஆபத்து கொஞ்சம் குறைந்திருக்கும், அதனால் அவர் கேட்பது 40%. மூன்று வருடத்தில் அது 2.744 மடங்கு. 20 கோடிக்கு 54.9 கோடி, அதாவது 300-இல் 18.3%. இதோடு ஊழியர்களுக்கு என்று ஒதுக்கி வைக்கும் பங்குகள், அதாவது ஆப்ஷன் பூல், எக்ஸிட் நாளில் 10% இருக்கும் என்று வைத்தால், இன்று இருக்கும் பங்குதாரர்கள் எல்லோருக்கும் சேர்த்து அன்று மிஞ்சுவது 71.7% மட்டுமே. இன்று 100 பங்கு வைத்திருப்பவருடைய பிடி அன்று 71.7 பங்கின் பிடியாகச் சுருங்கும்.

முதல் முதலீட்டாளருக்கு அன்று 25.3% வேண்டுமானால், இன்று 25.3-ஐ 0.717-ஆல் வகுத்த அளவு, 35.3%, வாங்கியாக வேண்டும். 10 கோடிக்கு 35.3% என்றால் போஸ்ட்-மணி 28.3 கோடி, ப்ரீ-மணி 18.3 கோடி. உங்கள் 18 இங்கிருந்துதான் வந்திருக்கிறது. உங்களிடம் இப்போது 10 லட்சம் பங்குகள் இருந்தால், அவருக்கு 5,45,595 புதுப் பங்குகள் கொடுக்க வேண்டும், ஒன்று சுமார் 183 ரூபாய். இன்று உங்களுக்கு 64.7% இருக்கும். ஐந்தாம் வருடம் அது 46.4%, அதாவது 139 கோடி.

டைல்யூஷனைக் கணக்கில் எடுத்ததற்காக அவர் மேல் கோபப்பட வேண்டாம். பின்னால் வரும் பணம் இல்லாமல் 300 கோடி வராது என்றால், அந்தப் பணத்துக்கான பங்கும் 300-இலிருந்துதான் போக வேண்டும். உங்கள் 300 கோடி அந்த 20 கோடியை எதிர்பார்த்துப் போடப்பட்டதா என்பதை மட்டும் உங்கள் கோப்பில் சரிபாருங்கள். அடுத்த ரவுண்டு தேவையே இல்லாத திட்டமாக இருந்தால் அந்தக் கழிவுக்கு இடமில்லை.

இப்போது 50%-க்கு வருவோம். இந்தத் தொழிலில் புழங்கும் வீதங்களை அமெரிக்கக் கணக்காளர் அமைப்பான ஏஐசிபிஏ தன் மதிப்பீட்டு வழிகாட்டியில் கட்டம் கட்டமாக எடுத்துச் சொல்கிறது. புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு 50 முதல் 70%, ஆரம்ப வளர்ச்சிக் கட்டத்துக்கு 40 முதல் 60%, விரிவாக்கத்துக்கு 35 முதல் 50%, பங்குச் சந்தைக்குப் போகும் தறுவாயில் 25 முதல் 35%. வென்ச்சர் ஃபண்டுகள் தம் முதலீட்டாளர்களுக்கு உண்மையில் ஈட்டித் தந்த வருமானம் சராசரியில் இதற்குக் கிட்டவே வருவதில்லை. கேட்பதற்கும் கிடைப்பதற்கும் இடையே ஏன் இவ்வளவு தூரம்?

கேட்பது வெற்றி பெறும் கம்பெனியிடம். கிடைப்பது எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்த சராசரி. இதைக் கணக்காகவே எழுதிவிடலாம். அவர் சராசரியில் உண்மையாக எதிர்பார்க்கும் ஆண்டு வருமானம் `k`, எக்ஸிட் வரையிலான வருடங்கள் `n`, நினைத்தபடி முடியும் வாய்ப்பு `p`, தோற்றால் கையில் எதுவும் வராது என்று வைத்தால், அவர் கேட்க வேண்டிய வீதம் `R`:

```
R = (1 + k) / p^(1/n) - 1
```

ஃபார்முலாவை விட எண்ணில் பார்த்தால் சட்டென்று பிடிபடும். பட்டியலிடப்படாத சிறு கம்பெனியில் ஐந்து வருடம் பணத்தை முடக்கி வைப்பதற்கு 20% என்பது அவருடைய உண்மையான எதிர்பார்ப்பு என்று கொள்வோம். 10 கோடி ஐந்து வருடத்தில் 24.9 கோடியாக வேண்டும். வென்றால் அவருக்கு 75.9 கோடி, தோற்றால் பூஜ்யம். 75.9-ஐ எந்த வாய்ப்பால் பெருக்கினால் 24.9 வரும்? 0.328. ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஆக 50% கேட்கிறவர், சுற்றி வளைத்து, "உங்கள் திட்டம் சொன்னபடி முடிய மூன்றில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, எனக்குச் சராசரியில் 20% வேண்டும்" என்கிறார். 60% கேட்டிருந்தால் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு என்று பொருள். 40% என்றால் 46%.

என் அனுபவத்தில் இந்த மொழிபெயர்ப்புக்குப் பிறகுதான் உரையாடல் உருப்படியாகிறது. 50% அநியாயம் என்றால் அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போவார். "எங்களுக்கு மூன்றில் ஒரு வாய்ப்புதான் என்று ஏன் நினைக்கிறீர்கள், எந்த இடத்தில் நாங்கள் விழுவோம் என்று பார்க்கிறீர்கள்" என்று கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். தொழில்நுட்பம் வேலை செய்யுமா என்பது அவர் பயமா, வாங்குவார்களா என்பதா, அடுத்த ரவுண்டு கிடைக்குமா என்பதா? ஒவ்வொரு பயத்துக்கும் நீங்கள் காட்டக்கூடிய சான்று வேறு. வாடிக்கையாளர் பயம் என்றால் கையெழுத்தான ஒப்பந்தங்கள் அதைக் குறைக்கும். அடுத்த ரவுண்டு பயம் என்றால் ஒப்பந்தங்களைக் காட்டுவதை விட, அந்த 20 கோடியின் தேவையை எப்படி 12-ஆகக் குறைப்போம் என்று காட்டுவது பலன் தரும்.

பணம் போடுவதோடு நிற்காமல் ஆள் சேர்ப்பது, வாடிக்கையாளரை அறிமுகப்படுத்துவது என்று உழைப்பதால் அதற்கும் சேர்த்துத்தான் உயர்ந்த வீதம் என்று சிலர் சொல்வார்கள். பழைய விளக்கம், முழுப் பொய்யும் இல்லை. ஆனால் அந்த உழைப்பை வட்டியில் கரைத்து வாங்குவதை விட, என்ன செய்வார், எப்போது செய்வார் என்று எழுதி வாங்குவது நல்லது.

இரட்டைக் கழிவு மூன்று இடங்களில் நுழையும். அதிகம் சேதம் செய்வது முதலாவதுதான், ஃபவுண்டர்களே கையில் எடுத்துக் கொடுக்கும் பிழை அது. அடக்கமாகத் தெரிய வேண்டும் என்று சிலர் 300 கோடியைக் காட்டாமல், நல்லது கெட்டது எல்லாம் சேர்த்த சராசரியைக் கணிப்பாகக் கொடுத்துவிடுவார்கள். மூன்றில் ஒரு வாய்ப்பில் 300, இல்லாவிட்டால் பூஜ்யம் என்றால் அந்தச் சராசரி 98 கோடி. அதன் மேல் 50% போட்டால் போஸ்ட்-மணி 12.9 கோடி. 10 கோடி கேட்கும் கம்பெனியில் முதலீட்டாளருக்கு 77%! தோல்வியின் வாய்ப்பு தொகையில் ஒரு முறை, வீதத்தில் ஒரு முறை என்று இரண்டு தடவை கழிக்கப்பட்டிருக்கிறது. 98 கோடிக்குப் பொருத்தமான வீதம் 20%தான். அதைப் போட்டால் 98-ஐ 2.488-ஆல் வகுத்து மறுபடி 39.5 கோடிக்கே வந்துவிடுவீர்கள். வெற்றித் தொகைக்கு உயர்ந்த வீதம், சராசரித் தொகைக்குச் சாதாரண வீதம், இரண்டில் ஒரு ஜோடியைத்தான் பிடிக்க வேண்டும். முதலீட்டாளர் உங்கள் கணிப்பைத் தானே வெட்டி, "விற்பனை 100 வராது, 60 வைத்துக்கொள்வோம்" என்று சொல்லிவிட்டு அதற்கும் 50% போட்டால் அதுவும் இதே பிழையின் மறுபக்கம். வெற்றி பெற்றாலும் 60-க்கு மேல் சந்தை இல்லை என்பது அவர் வாதமானால் வெட்டலாம். 100 வருமா வராதா தெரியாது என்பதற்காக வெட்டினால் வீதத்தையும் இறக்க வேண்டும்.

இரண்டாவது ஆப்ஷன் பூல். மேலே நான் பூலைப் பின்னால் உருவாகும் டைல்யூஷனாக வைத்தேன். முதலீட்டு நிபந்தனைகளை எழுதும் டேர்ம் ஷீட்டுகள் பெரும்பாலும் அதை இந்த ரவுண்டுக்கு முன்பே, உங்கள் பங்கிலிருந்தே ஒதுக்கச் சொல்லும். அப்படிச் செய்வதில் தவறில்லை. எக்ஸிட் நாளில் 10% வேண்டுமானால் இன்று 12.2% ஒதுக்க வேண்டும். ஆனால் அப்போது பூல் முதலீட்டாளரின் பங்கைக் குறைக்காது. அவரைக் குறைப்பது இரண்டாவது ரவுண்டின் 18.3% மட்டும். அவருக்கு இன்று வேண்டியது 25.3-ஐ 0.817-ஆல் வகுத்த 31%. போஸ்ட்-மணி 32.3 கோடி என்று ஏறிவிடும். உங்களுக்கு இன்று 56.8%, ஐந்தாம் வருடம் அதே 46.4%. தலைப்பு எண் 28-இலிருந்து 32-க்குப் போயும் உங்கள் பையில் ஒரு பைசா மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். வேல்யுவேஷன் என்று வெளியே சொல்லிக்கொள்ளும் எண்ணின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பூலை முன்கூட்டியே உங்களிடமிருந்து எடுத்துவிட்டு, டைல்யூஷன் கணக்கில் 71.7%-ஐயும் விடாமல் பிடித்து 35.3% கேட்டால்தான் கோளாறு. அப்போது ஐந்தாம் வருடம் உங்களுக்கு 46.4-க்குப் பதில் 42.9% வரும். அவருக்கு 75.9 கோடிக்குப் பதில் 86.5 கோடி. யாரும் குரல் உயர்த்தாமலே 10.6 கோடி கைமாறியிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, எக்ஸிட் நாளின் பங்குப் பட்டியலைப் போட்டுப் பார்ப்பது. எல்லோருடைய சதவீதமும் கூடி நூறு வர வேண்டும், அவர் தொகை அவர் கேட்ட 7.59 மடங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் எங்கோ இரண்டு முறை எண்ணியிருக்கிறார்கள்.

மூன்றாவது லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ். 50%-ஐ நியாயப்படுத்திய கணக்கில் தோற்றால் பூஜ்யம் என்று வைத்தோம். உண்மையில் அவர் வாங்குவது முன்னுரிமைப் பங்கு. கம்பெனி விற்கப்படும்போது போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம், அல்லது சாதாரணப் பங்காக மாற்றி விகிதப்படி வாங்கலாம், எது அதிகமோ அது. 300 கோடி எக்ஸிட்டில் இந்த உரிமைக்கு வேலையே இல்லை. ஆனால் கம்பெனி 30 கோடிக்கு விற்கப்பட்டால்? முதலாமவர் 10, இரண்டாமவர் 20, முடிந்தது. பங்குப் பட்டியலில் 46.4% வைத்திருக்கும் உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. ஆக அவருக்குத் தோல்வி என்பது எப்போதும் பூஜ்யம் இல்லை, நடுத்தரமான முடிவுகளில் போட்ட பணம் திரும்புகிறது. பூஜ்யம் என்று வைத்துக் கணக்கிட்ட வீதத்தையும் கேட்டு, பூஜ்யமாகாமல் காக்கும் உரிமையையும் கேட்கிறார் என்றால், இரண்டில் ஒன்றில் அவர் இறங்கி வர இடம் இருக்கிறது. போட்ட தொகையைப் போல் இரண்டு மடங்கு முன்னுரிமை, அல்லது முதலில் எடுத்துக்கொண்டு மீதியிலும் பங்கு என்ற ஷரத்து இருந்தால் இந்த வாதம் இன்னும் வலுக்கும். சாதாரண ஒரு மடங்கு முன்னுரிமையை நீக்கச் சொல்லி மல்லுக்கட்டுவது மட்டும் வீண். அது இந்தத் தொழிலில் வழக்கம்.

போஸ்ட்-மணி 28 கோடி என்பது கம்பெனியின் உண்மையான மதிப்பு ஆகாததும் இதனால்தான். முதலீட்டாளரின் பங்கு விலையை எல்லாப் பங்குகளோடும் பெருக்கி வந்த எண் அது. அவருடைய பங்கில் பாதுகாப்பு ஒட்டியிருக்கிறது, உங்களுடையதில் இல்லை. ஒரே விலை போடுவது வசதிக்காக.

இந்த முறையிலேயே ஒரு கோணல் இருக்கிறது. அது காலத்தைப் பற்றியது, உங்கள் துறையைப் பொறுத்து முக்கியமாகலாம். வருடத்துக்கு 50% என்று ஒரே வீதம் போடும்போது, ஒவ்வொரு வருடமும் அதே அளவு தோல்வி வாய்ப்பு இருப்பதாகக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. 20%-க்கும் 50%-க்கும் உள்ள இடைவெளி, வருடத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு கம்பெனிகள் விழும் என்பதற்குச் சமம். நிஜத்தில் பல கம்பெனிகளின் ஆபத்து முதல் இரண்டு வருடத்தில் குவிந்திருக்கும். பொருள் வேலை செய்கிறது, ஆட்கள் வாங்குகிறார்கள் என்று தெரிந்த பின் மீதி வருடங்கள் ஒப்பீட்டில் அமைதியானவை.

உங்கள் எக்ஸிட் ஐந்தில் இல்லாமல் ஏழாம் வருடம் வருகிறது என்று வையுங்கள். ஆபத்து கூடவில்லை, அனுமதி நடைமுறைகளுக்காகக் காத்திருப்பதால்தான் தாமதம். 50% கூட்டுவட்டி ஏழு வருடத்தில் 17.1 மடங்கு, 300-இல் 171 கோடி, 57%. டைல்யூஷனையும் சேர்த்தால் ஒப்பந்தமே சாத்தியமில்லை. அதே விஷயத்தைப் பிரித்துப் போடுங்கள்: வெற்றி வாய்ப்பு அதே 0.328, காத்திருப்புக்கு 20% வீதம் ஏழு வருடம் 3.58 மடங்கு. 35.8 கோடியை 0.328-ஆல் வகுத்தால் 109 கோடி, 36%. ஒரே கம்பெனிக்கு 57-க்கும் 36-க்கும் உள்ள இந்த வித்தியாசம் முழுவதும், காத்திருப்பையும் தோல்வியையும் ஒரே எண்ணில் பிசைந்ததால் வருவது. மருந்து, மருத்துவக் கருவி, ஆழ்ந்த தொழில்நுட்பம் போன்ற நீண்ட காலத் திட்டங்களில் ஒற்றை வீதத்தை ஏற்கவே வேண்டாம். வாய்ப்பைத் தனியாகவும் வட்டியைத் தனியாகவும் போடச் சொல்லுங்கள்.

எல்லோரும் வீதத்தில் சண்டை போடுகிறார்கள், ஆனால் உங்கள் தலையெழுத்து அதிகம் தங்கியிருப்பது ஐந்தாம் வருட லாபத்தின் மேல் போட்ட அந்த 20 மடங்கில். முதலீட்டாளர்கள் இருவரின் தொகையும், 75.9 மற்றும் 54.9, நிலையானவை. எக்ஸிட் சுருங்கினால் சுருக்கம் ஏறக்குறைய முழுவதும் உங்கள் மேல் விழும். 20 மடங்குக்குப் பதில் 15 என்று வைத்தால் எக்ஸிட் 225 கோடி, நான்கில் ஒரு பங்கு குறைவு. அதே கணக்கைப் போட்டால் உங்களுக்கு 139 கோடிக்குப் பதில் 72 கோடி, ஏறக்குறைய பாதி. வீதத்தை 50-இலிருந்து 40-க்கு இறக்கிப் பெரிய வெற்றி என்று கொண்டாடினால், அதில் உங்களுக்குக் கூடுவது 22 கோடி. ஆகவே அந்த 20 எங்கிருந்து வந்தது என்பதை இரு தரப்பும் மேசையில் வைக்க வேண்டும். இன்று வேகமாக வளரும் பட்டியலிட்ட கம்பெனிகளின் மடங்கை எடுத்து ஐந்து வருடம் கழித்து வரும் உங்கள் லாபத்தில் ஒட்டுவது வழக்கமான தவறு. அன்று உங்கள் வளர்ச்சி இன்றைய வேகத்தில் இருக்காது. ஒப்பிட வேண்டியது உங்கள் ஐந்தாம் வருட அளவையும் வளர்ச்சியையும் ஒத்த கம்பெனிகளோடு, அதுவும் சந்தை சூடாக இருந்த ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல்.

நீங்கள் கேட்ட 60 கோடியையும் இதே கருவியால் சோதித்துவிடுவோம். ப்ரீ-மணி 60 என்றால் போஸ்ட்-மணி 70, அவருக்கு இன்று ஏழில் ஒரு பங்கு. அதில் அவருக்கு 75.9 கோடி வர வேண்டும், இரண்டாமவருக்கு 54.9, பூலுக்கு 10%. பின்னோக்கிப் போட்டால் எக்ஸிட் 652 கோடி வேண்டியிருக்கிறது. அதே 20 மடங்கு, அதே 15% லாபம் என்றால் விற்பனை 217 கோடி. நீங்களே கொடுத்த கணிப்பில் இருப்பது 100. ஆகவே 60 கோடியைப் பிடித்துத் தொங்க உங்கள் தாளிலேயே ஆதாரம் இல்லை. வெற்றி வாய்ப்பை மூன்றில் இரண்டு என்று அவரை நம்ப வைத்தாலும், வீதம் 30%-க்கு இறங்கி ப்ரீ-மணி 48 கோடிதான் வரும். நியாயமான பேச்சு 18-க்கும் 30-க்கும் நடுவில் எங்கோ நடக்கும்.

விலையில் ஒத்துப்போக முடியாதபோது நான் முதலில் பார்ப்பது பணத்தைத் தவணையாகப் பிரிக்க முடியுமா என்பதை. 10 கோடியும் இன்றே தேவையா? பொருளை முடித்து முதல் பத்து வாடிக்கையாளர்களிடம் சேர்க்க 3 கோடி போதும் என்றால், 3 கோடியை இன்றைய ஆபத்துக்கு உரிய 50%-இல் வாங்குங்கள். எக்ஸிட்டில் அதற்கு 22.8 கோடி. மீதி 7 கோடி ஒரு வருடம் கழித்து, இலக்கு எட்டப்பட்டால் மட்டும், 40%-இல் நான்கு வருடத்துக்கு: 26.9 கோடி. இரண்டும் சேர்ந்து 300-இல் 16.6%. மொத்தமாக வாங்கியிருந்தால் 25.3%. உங்கள் கடைசிப் பங்கு 46.4-இலிருந்து 55.1%-க்கு ஏறுகிறது. அவருக்கும் இது இழப்பில்லை. பெரிய தொகையைப் பயத்தின் பாதி தீர்ந்த பிறகே போடுகிறார், இலக்கு தவறினால் 7 கோடி அவர் கையிலேயே இருக்கும்.

இதன் விலை என்னவென்றால், இலக்கு தவறும் அன்று உங்கள் கையில் பணமும் இருக்காது, பேரம் பேசும் வலுவும் இருக்காது. அதனால் இலக்கை எழுதும்போது உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதை எழுதுங்கள், அளக்கக் கூடியதாக எழுதுங்கள். "திருப்திகரமான முன்னேற்றம்" போன்ற சொற்களை உள்ளே விடாதீர்கள். இலக்கு எட்டப்பட்டால் 7 கோடியின் பங்கு விலை என்ன என்பதும் இன்றே தாளில் ஏறியிருக்க வேண்டும். 3 கோடி வேலை முடிய எவ்வளவு மாதம் தாங்குமோ, அதற்கு நான்கைந்து மாதம் கூடுதலாகத் தாங்கும்படி முதல் தவணையைக் கேளுங்கள். அதற்கு 3 போதாமல் 4 கோடி ஆனால் உங்கள் கடைசிப் பங்கில் சுமார் 1.3% குறையும், அந்தக் காப்புக்கு அது கொடுக்கத் தகுந்த விலை.